ஒன்றரை ஷிப்டும் ஒரு பிரெஞ்சுக் கேள்வித்தாளும்

திருப்பூர்ப் பக்கம் பனியன் தொழில் செய்பவர்களிடம் ‘ஆடிட்’ என்று சொன்னால், எந்த ஆடிட் என்று திருப்பிக் கேட்பார்கள். ஒன்று நம் எல்லோருக்கும் தெரிந்த வரவு செலவுக் கணக்கு. மற்றது வெளிநாட்டு பையர் சார்பில் ஆள் வந்து பார்க்கும் ஆடிட். அதில் லாபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. தைப்பவர்களுக்கு என்ன வயது, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள், கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, அவசர வழியில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். இதற்கு முன்னோடியாக ஒரு கேள்வித்தாள் வரும். அப்படி வந்த ஒன்றை நான் முழுதாகப் படித்து ஒருவருக்கு விளக்க நேர்ந்தது. அதில் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு பழைய சம்பவம் இருப்பதைப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு அனுப்பர்பாளையத்தில் இருக்கிறேன். பழைய ஆட்களுக்கு இந்த ஊர் பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர் போன ஊர். பட்டறைச் சத்தம் இன்னும் சில வீதிகளில் கேட்கிறது. ஆனால் பட்டறை வைத்திருந்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை பனியனுக்கு வந்துவிட்டது. எங்கள் வீதியின் கடைசியில் இருக்கும் தம்பியும் அப்படித்தான். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று நாற்பது மெஷின். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றுக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பார். நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2018இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

“ஐயா, பிரான்ஸ்காரன் பேப்பர் அனுப்பியிருக்கானுங்க. இங்கிலீஷும் கூடவே இருக்குது. ஆனா அந்த இங்கிலீஷ் யாருக்கும் புரிய மாட்டேங்குதுங்க” என்றார்.

புரியாததில் வியப்பில்லை. பிரெஞ்சு மூலத்தை யாரோ அவசரத்தில் வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலமாக்கியிருந்தார்கள். தம்பி தனக்குத் தெரிந்தவரை பென்சிலால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறித்து வைத்திருந்தார். ஒரு கேள்வியில் என் கண் நின்றது. வேலையில் சேரும்போது தொழிலாளிக்கு ‘காஷன்’ உண்டா என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஜாக்கிரதைப்படுத்துகிறீர்களா என்று கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டு ‘ஆம்’ என்று போட்டிருந்தார். சுவரில் மின்சார அபாயப் பலகை மாட்டியிருக்கிறாரே! பிரெஞ்சில் ‘கோசியோன்’ என்றால் முன்பணம், ஈட்டுத்தொகை. வாடகை வீட்டுக்கு நாம் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரி. “வேலைக்குச் சேரும் ஆளிடம் டெபாசிட் வாங்கி வைத்துக்கொள்கிறீர்களா?” என்பதுதான் கேள்வி. அதற்கு ‘ஆம்’ என்றால் கட்டாய உழைப்பு என்ற தலைப்பில் போய் விழும். ஆர்டர் அங்கேயே நின்றுவிடும்.

“நானெங்கீங்க டெபாசிட் வாங்கறேன்? நாந்தான் டெய்லருக்கு அட்வான்ஸ் குடுத்துக் கூட்டிட்டு வர்றேன்” என்றார். வேலையாள் முதலாளிக்கு டெபாசிட் கட்டுவதெல்லாம் அவர் கேள்விப்படாத விஷயம்.

ஆனால் அந்தக் கேள்வி நம் பக்கத்தைக் குறிவைத்தே கேட்கப்படுகிறது என்று அவருக்குச் சொன்னேன். கோவை, திண்டுக்கல், ஈரோடு வட்டாரத்து நூற்பு மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். விடுதியில் வைத்துக்கொண்டு, கல்யாணச் செலவுக்கு என்று ஒரு மொத்தத் தொகையைக் கடைசியில் தருவதாகச் சொன்னார்கள். நடுவில் விட்டுப் போன பல பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளி கையில் வைத்துக்கொண்டு ஆளைக் கட்டிப்போட்டால், பெயர் எதுவானாலும் அது ஈட்டுத்தொகைதான். 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதை விரிவாக எழுதி ஐரோப்பாவில் வெளியிட்டன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து பனியன் வாங்கும் கம்பெனிகளிடம் அங்கே கேள்வி எழுந்தது. சொந்தமாக நூல் மில் இல்லாத, நாற்பது மெஷின் வைத்திருக்கும் ஆளிடமும் இதைக் கேட்பது அதனால்தான்.

“சரி, அதெல்லாம் இவனுக்கு எதுக்குங்க? துணி நல்லாருக்குதான்னு பாத்து வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான்.

2013 ஏப்ரல் 24ஆம் தேதி டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. அதற்குள் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருந்தன. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசலைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்துக் கடைகளையும் வங்கியையும் மூடிவிட்டார்கள். தையல்காரர்களை மட்டும் மறுநாள் காலையில் உள்ளே போகச் சொன்னார்கள். இடிபாட்டில் ஐரோப்பியக் கடைகளின் லேபிள்கள் கிடைத்தன. “எங்களுக்குத் தெரியாது, எங்கள் சப்ளையர் வெளியே கொடுத்துத் தைத்திருக்கிறார்” என்று சில கம்பெனிகள் சொல்லின. அந்த ‘தெரியாது’ என்ற பதில் இனிச் செல்லக்கூடாது என்று பிரான்சில் நான்கு வருடம் வாதாடி, 2017 மார்ச் 27இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ‘தெவுவார் த விஜிலான்ஸ்’ என்பது அதன் பெயர். விழிப்பாக இருக்கும் கடமை என்று சொல்லலாம். பிரான்சில் ஐயாயிரம் பேருக்கு மேல், அல்லது உலகம் முழுவதும் சேர்த்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு அது பொருந்தும். தங்களுக்குத் தைத்துக் கொடுப்பவர்களிடம் என்ன ஆபத்து இருக்கிறது என்று அவர்களே கண்டறிந்து, எழுதி, வெளியிட வேண்டும்.

தம்பியின் ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கேள்வித்தாள் வந்த வழி இதுதான். எக்ஸ்போர்ட்டர் தன் பட்டியலில் இவர் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். எழுதாமல் மறைத்துத் தைக்கக் கொடுப்பதுதான் இன்று பெரிய குற்றமாகக் கருதப்படுகிறது.

டெபாசிட் கேள்வி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அன்றைக்கு எங்களை மத்தியானம் வரை உட்கார வைத்தது வேலை நேரம் பற்றிய பக்கம். சாதாரண வேலை வாரத்துக்கு 48 மணிக்கு மேல் கூடாது. ஓவர்டைம் வாரத்துக்கு 12 மணிக்கு மேல் கூடாது, விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும், ஏழு நாளில் ஒருநாள் விடுமுறை வேண்டும். இவற்றில் உள்நாட்டுச் சட்டம் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும்.

இந்த எண்கள் வெள்ளைக்காரன் இப்போது உட்கார்ந்து யோசித்தவை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச தொழிலாளர் மாநாடு, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று முதல் உடன்படிக்கை செய்தது. ஆனால் அதிலேயே தனி விதி எழுதி, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி என்று வைத்தார்கள். 1934ஆம் வருடச் சட்டத்தில் அது 54 ஆயிற்று. எங்கள் புதுவையில் கதை வேறு. 1936 ஜூனில் பிரான்சில் தொழிலாளர்களுக்கு வாரம் நாற்பது மணி என்று சட்டம் வந்தது. அதே பிரெஞ்சுக் கொடி பறக்கும் புதுச்சேரி மில்களில் விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை. எட்டு மணி கேட்டு வ. சுப்பையா தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்கு ஆணை பிறந்தது. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பள்ளியில் நாங்கள் பிரான்சின் 1936ஐப் படித்தோம், எங்கள் ஊரின் 1936 பாடப் புத்தகத்தில் இல்லை. அதைத் தெருவில் மில் ஓய்வூதியக்காரர்கள் சொல்லித்தான் கேட்டேன். மற்ற இந்தியாவுக்கு 48 மணி வர இன்னும் பத்து வருடம் ஆனது. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் அதை நிலைப்படுத்தியது.

இனித் திருப்பூருக்கு வருவோம். இங்கே நேரத்துக்கு மணிக்கணக்கு இல்லை, ஷிப்டுக் கணக்கு. தம்பியின் யூனிட்டில் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி, ஒரு ஷிப்டு. அதன்மேல் டீ குடித்துவிட்டு இரவு பத்து மணி வாக்கில் முடியும் நாலு மணி அரை ஷிப்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை. டெய்லர்கள் வேலை கேட்டு வரும்போதே, “ஒன்றரை ஓடுதுங்களா?” என்றுதான் கேட்பார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது எத்தனை ஷிப்டு என்றுதான் கணக்கு. அரை ஷிப்டுக்கு அரைச் சம்பளம். இதில் யாரையும் ஏமாற்றுவதாக அவர் நினைக்கவே இல்லை. ஊரே அப்படித்தான்.

ஆனால் சட்டத்தில் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். அப்போது அது 1948ஆம் வருடச் சட்டத்தின் 59ஆவது பிரிவில் இருந்தது. தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்குச் சுலபமாக இருக்க ஒரு ஷிப்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50. ஆறு நாளும் ஒன்றரை ஓடினால் ஒன்பது ஷிப்டு, 72 மணி, 3,600 ரூபாய் சம்பளம். இதையே சட்டப்படி போட்டால், 48 மணிக்கு 2,400. மீதி 24 மணிக்கு மணிக்கு 100 வீதம் இன்னொரு 2,400. ஆக 4,800. ஓர் ஆளுக்கு வாரத்துக்கு 1,200 ரூபாய் குறைவாகத் தரப்படுகிறது. ஆடிட்டர் எழுதப்போவது இந்த வரியைத்தான்.

தம்பியின் முகம் சுருங்கியது. “அப்ப மூட்டையக் கட்ட வேண்டியதுதானுங்க” என்றார்.

அவசரப்பட வேண்டாம் என்று இன்னொரு கணக்குப் போட்டேன். கேள்வித்தாள் எப்படியும் 72 மணியை அனுமதிக்காது. நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 60 மணிதான் எல்லை. அந்த 60 மணிக்குச் சட்டப்படி சம்பளம் போட்டுப் பாருங்கள். 48 மணிக்கு 2,400, பன்னிரண்டு மணி ஓவர்டைமுக்கு 1,200. மொத்தம் 3,600. டெய்லர் இன்று வாங்கும் அதே தொகை! அவன் பன்னிரண்டு மணி முன்னதாக வீட்டுக்குப் போகிறான், கையில் வருவது குறையவில்லை. ஷிப்டுச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இந்தச் சமன்பாடு மாறாது.

அவர் இரண்டு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு வியாபாரி மூளை வேலை செய்தது. சம்பளம் அதேதான், ஆனால் ஆறு பங்கு வேலையில் ஐந்து பங்குதான் நடக்கும். 72 மணியில் ஓர் ஆள் பங்குக்கு 720 பீஸ் வெளியே வந்தால், ஒரு பீஸுக்குத் தையல் கூலி 5 ரூபாய். 60 மணியில் 600 பீஸ் என்றால் 6 ரூபாய். “அந்த ஒரு ரூவாய யாருங்க தருவா?” என்றார். கேள்வித்தாளில் அத்தனை பக்கத்தில் அதற்கு இடம் இல்லை. வாங்குபவர் என்ன விலை தருகிறார், எத்தனை நாள் தவணை தருகிறார், கடைசி நேரத்தில் கலரை மாற்றுகிறாரா என்று ஒரு கேள்வியும் கிடையாது. கேள்விகள் ஒரு பக்கமாகவே ஓடுகின்றன. இது எனக்கு இன்றைக்கும் ஏற்புடையதாக இல்லை. ஆனாலும் ஒன்று சொன்னேன். இரவு எட்டு மணிக்கு மேல் தைக்கும் பீஸும் காலையில் தைக்கும் பீஸும் ஒன்றாக இருக்காது. செக்கிங் மேஜையில் ஆல்டர் பீஸ் எந்த நேரத்து வேலையில் அதிகம் என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், இழப்பு ஒரு ரூபாய் முழுவதுமா அல்லது அதில் பாதியா என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அவர் மனதில் வேறு யோசனையும் இருந்தது. ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கு ‘ரெடிமேட்’ மஸ்டர் ரோலும் சம்பளப் பதிவேடும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் 8.30 முதல் 5.30. உண்மைக் கணக்கு தனி நோட்டில் இருக்கும். மாதிரிக்கு ஒரு பக்கமும் கொண்டு வந்திருந்தார்.

முப்பது வருடத்துக்கு மேல் வருகைப் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஒரே பேனா, ஒரே அழுத்தம், மாதம் முழுவதும் ஒரே உட்காரலில் எழுதிய எழுத்து. ஒரு நாளும் யாரும் தாமதமாக வரவில்லை, பொங்கலுக்கு மறுநாள்கூட நாற்பது பேரும் ஆஜர். நிஜப் பதிவேட்டில் அடித்தல் இருக்கும், மையின் நிறம் மாறும், ஓரத்தில் டீ சிந்தியிருக்கும். அது போகட்டும், ஆடிட்டர் பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை. வேலை குறைந்த ஒரு மாதம், வேலை நெருக்கிய ஒரு மாதம், சமீபத்திய ஒரு மாதம் என்று எடுத்துக்கொள்வார். அந்த நாட்களின் உற்பத்திச் சீட்டு, செக்கிங் நோட்டு, ஊசி உடைந்தால் எழுதும் புத்தகம், சரக்கு வெளியே போன கேட் சீட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். மஸ்டரில் எல்லோரும் 5.30க்கு வீட்டுக்குப் போன நாளில், இரவு 9.10க்கு ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தது என்று நேரத்தோடு எழுதியிருந்தால் கதை முடிந்தது. பிறகு நாலைந்து தொழிலாளர்களை முதலாளி இல்லாத அறையில் உட்கார வைத்துப் பேசுவார். நேற்றைக்கு இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சாதாரணமாகக் கேட்டாலே போதும்.

நேரம் அதிகம் ஓடுகிறது என்பது குறை. அதைத் திருத்த மாதக் கணக்கில் அவகாசம் தருவார்கள், திருத்தத் திட்டம் எழுதி வாங்குவார்கள். பொய்ப் பதிவேடு என்பது வேறு சாதி. குழந்தைத் தொழிலாளர், பூட்டிய அவசர வாசல் இவற்றோடு சேர்த்து அதைப் பார்க்கிறார்கள். உண்மை மணிகளைக் காட்டி மோசமான மதிப்பெண் வாங்குவதில் ஆர்டர் தப்பிக்க வழி இருக்கிறது என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மாதிரிப் பக்கத்தை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்த ஆடிட்டை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 11இல் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வழிகள் அடைபட்டுக் கிடந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற பெயர்பெற்ற சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்திருந்தது. ராணா பிளாசாவில் இருந்த ஆலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. சான்றிதழுக்காக எழுதிய தாள்கள் வேறு, ஆலை வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. அதனால்தான் தம்பியிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும், பின்பக்கக் கதவுக்கு முன்னால் அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளை அன்று மாலையே எடுத்துவிட வேண்டும்.

எடுத்துவிட்டார். பதிவேடும் உண்மை மணிகளோடுதான் போனது. ஆடிட்டர் வந்து ஒருநாள் முழுக்க இருந்தார். எதிர்பார்த்தபடியே வேலை நேரத்திலும் ஓவர்டைம் சம்பளத்திலும் குறை எழுதினார். ஆறு மாதத் தவணை கிடைத்தது. தம்பி ஒன்றரை ஷிப்டை நிறுத்திப் பத்து மணி வேலைக்கு வந்தார். டெய்லர்களிடம் 3,600 கணக்கை அவரே போட்டுக் காட்டினார். பாதிப் பேர் நம்பினார்கள். சனிக்கிழமை பணம் கையில் வந்த பிறகு மற்றவர்களும் நம்பினார்கள். ஆனாலும் ஆறு பேர் போய்விட்டார்கள். பக்கத்து வீதியில் ‘ஒன்றரையும் ஓடுது, ஞாயிறும் ஓடுது’ என்று கேள்விப்பட்டுப் போனவர்கள். எல்லோரும் வெளியூர்ப் பிள்ளைகள். அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட மெஷினில் உட்கார்ந்தால் பணமாவது சேரும் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு கட்டம் மட்டும் சிவப்பாகவே நின்றது. அப்போதிருந்த 1948ஆம் வருடச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு மொத்தம் 50 மணிதான் ஓவர்டைமாக இருந்தது. வாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் பதின்மூன்று வாரத்துக்கு 156 ஆகிறது. 50ஐப் பதின்மூன்றால் வகுத்தால் வாரத்துக்கு நாலு மணிகூட வராது. அப்படி ஓட்டினால் டெய்லர் கையில் 2,800தான் நிற்கும். மீதியுள்ளவர்களும் பக்கத்து வீதிக்குப் போய்விடுவார்கள். இதற்கு என்னிடம் கணக்கு இல்லை, ஆடிட்டரிடமும் இல்லை. ‘படிப்படியாகக் குறைக்கப்படும்’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, தம்பி செய்தித்தாளோடு வந்தார். “இது வந்திருந்தா பிரான்ஸ்காரன் ஒத்துக்குவானாங்க?” என்று கேட்டார். நம் சட்டம் தளர்ந்தால் அவர்கள் கேள்வித்தாளின் 60 மணி நிற்கும், நம் சட்டம் இறுகினால் நம் சட்டம் நிற்கும், இரண்டில் எது கடுமையோ அதுதான் என்றேன். “எப்படிப் போனாலும் நமக்கு நெருக்கறதுதான்” என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றிருந்த டெம்போவில் கட்டிங் பீஸ் மூட்டையை ஏற்றப் போனார்.